மின்சாரம் ஏன் முதலில் சாயங்காலம் மட்டும் வந்தது? பகல் கரண்டை யார் கொண்டுவந்தார்கள்?

வடவள்ளிக்காரன்

பழைய வீட்டுச் சாமான்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கதை கண்ணில் பட்டது. 1900களின் தொடக்கம், கலிபோர்னியாவில் ஒன்டாரியோ என்ற சின்ன ஊர். மின் நிலையத்தில் வேலை பார்த்த ஏர்ல் ரிச்சர்ட்சன் என்பவர் மின்சார இஸ்திரிப்பெட்டி ஒன்றைச் செய்து ஊர்ப் பெண்களிடம் கொடுக்கிறார். அவர்களுக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் அங்கே பொழுது சாய்ந்த பிறகுதான் கரண்ட் வரும். கடைசியில் அவர் நிலையத்தாரிடம் பேசி, செவ்வாய்க்கிழமை மட்டும் பகலெல்லாம் ஜெனரேட்டரை ஓட்ட வைக்கிறார். அந்த ஊர்ப் பழக்கத்தில் திங்கள் துவைக்கும் நாள், செவ்வாய் இஸ்திரி போடும் நாள்.

என் சந்தேகம் இதுதான். இயந்திரம் இருக்கிறது, கம்பி இழுத்தாகிவிட்டது, ஆளும் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் பகலில் நிறுத்தி வைத்தார்கள்? இது அந்த ஒரு ஊர்க் கதையா, எல்லா இடத்திலும் இப்படித்தானா?

டிசி_ஏசி

சுலபமான பதில். ஆரம்பத்தில் எடிசனின் டிசி. 110 வோல்ட், ஒரு மைல் தாண்டினால் விளக்கு மங்கிவிடும். அதை வைத்துப் பல்பு எரிக்கலாம், தொழிற்சாலை ஓட்ட முடியாது. தொழிற்சாலை இல்லாவிட்டால் பகலில் யாருக்குக் கரண்ட் வேண்டும்? டெஸ்லாவின் ஏசி மோட்டார் வந்ததும் பகலிலும் தேவை வந்தது. அவ்வளவுதான்.

நூற்பாலை

எங்கள் ஆலையில் இதே பிரச்சினைதான். மாதம் முழுக்கச் சிக்கனமாக ஓட்டினாலும், ஒரு நாள் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் பில்லில் டிமாண்ட் சார்ஜ் ஏறிவிடுகிறது. யூனிட்டுக்குத்தானே காசு, உச்சத்துக்கு எதற்குத் தனியாக? இதை எப்படிக் குறைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடவள்ளிக்காரன்

அண்ணே, நான் கேட்டது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. பில் விஷயத்துக்கு வேறு இழை போடுங்களேன்.

பழைய_மீட்டர்

அவரை விரட்ட வேண்டாம். உங்கள் கேள்விக்கான பதில் அவர் பில்லில்தான் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

முதலில் டிசி_ஏசி சொன்னது. தூரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் டிசியால் தொழிற்சாலை ஓடாது என்பது சரியில்லை. லிஃப்ட், அச்சு இயந்திரம் இரண்டுக்கும் டிசி மோட்டார்தான் அன்று விருப்பம், வேகத்தை விருப்பப்படி மாற்றலாம் என்பதால். நியூயார்க் மன்ஹாட்டனில் கடைசி டிசி இணைப்பைத் துண்டித்தது 2007 நவம்பரில். பகலில் கரண்ட் கிடைக்காததற்குக் காரணம் மின்னோட்டத்தின் வகை இல்லை, கணக்கு.

ஒரு சின்ன ஊர் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, சுலபமாக இருக்கட்டும் என்று ரூபாயில் போடுகிறேன். 1,000 கிலோவாட் ஜெனரேட்டர். பாய்லர், கட்டடம், கம்பி எல்லாவற்றுக்கும் வாங்கிய கடனின் வட்டியும் தேய்மானமும் நாளைக்கு 240 ரூபாய். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த 240 நிற்காது. ஊரில் விளக்கு மட்டும்தான், மாலை நான்கு மணி நேரம் முழுச் சுமை. விற்பது 4,000 யூனிட். நிலக்கரிக் காசைச் சேர்க்காமலே ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் ஆறு பைசா ஏறுகிறது.

பகலில் நாலு கடைக்காரர்கள் இருட்டான பின்கட்டில் விளக்குப் போடுவார்கள் என்று இயந்திரத்தை ஓட்டினால்? பாய்லருக்குத் தீ வேண்டும், இன்னொரு ஷிப்ட் ஆள் வேண்டும். பத்துப் பதினைந்து விளக்குக்கு நீராவியை வீணாக்க வேண்டும். ஓட்டினால் நஷ்டம் கூடும். அதனால் நிறுத்திவிடுவார்கள். டிசி நிலையங்களில் பாட்டரி வரிசை வைத்து அந்தக் கொஞ்சத்தைச் சமாளித்தவர்கள் உண்டு. சின்ன ஏசி நிலையத்துக்கு அந்த வசதியும் இல்லை. டிசி_ஏசி சொன்னதற்கு நேர் எதிர், பார்த்தீர்களா.

இப்போது அதே நிலையத்திடம் ஒரு தொழிற்சாலை பகலில் எட்டு மணி நேரம் 1,000 கிலோவாட் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12,000 யூனிட். தலைச்சுமை ஆறு பைசாவிலிருந்து இரண்டு பைசாவாகிறது. புதிதாக ஒரு இயந்திரம்கூட வாங்கவில்லை. ஆகவே தொழிற்சாலைக்கு மலிவாகக் கொடுத்தாலும் லாபம், அதைக் காட்டி வீட்டுக்கும் விலையைக் குறைக்கலாம்.

இதை வெறி பிடித்ததுபோல் செய்து காட்டியவர் சிகாகோவில் சாமுவேல் இன்சல். லண்டனில் பிறந்தவர், எடிசனின் செயலாளராக அமெரிக்கா போனவர். 1892-ல் சிகாகோ எடிசன் கம்பெனியின் தலைவரானார். அப்போது அந்த நகரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மின் கம்பெனிகள் இருந்தன.

டிசி_ஏசி

சரி, கணக்கு புரிகிறது. அப்படியானால் பகலுக்குத் தொழிற்சாலை, ராத்திரிக்கு வீடு, இரண்டையும் சேர்த்தால் இருபத்துநான்கு மணி நேரமும் சமமாக ஓடும். இன்சல் ஒன்றும் பெரிய மேதை இல்லையே, யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

பழைய_மீட்டர்

காகிதத்தில் அப்படித்தான். சிகாகோவின் டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். மாலை நாலரைக்கே இருட்டிவிடும். தொழிற்சாலை இன்னும் மூடவில்லை. அலுவலகங்களில் விளக்குப் போட்டாயிற்று. கடைவீதியில் கிறிஸ்துமஸ் கூட்டம். வேலை முடிந்தவர்கள் டிராமில் ஏறுகிறார்கள். வீட்டிலும் விளக்கு. எல்லாம் ஐந்து மணிக்கு ஒன்றாக வந்து விழும். வருஷத்தில் அந்தச் சில வாரங்களின் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நிலையத்தின் அளவையே தீர்மானிக்க வேண்டியிருந்தது. கோடையில் அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். கோடையில் ஓடும் ஐஸ் தொழிற்சாலைகளை அவர் தேடிப் பிடித்தது அதனால்தான்.

அடுத்தது, யாரிடம் எவ்வளவு வாங்குவது என்ற சிக்கல். இங்கேதான் நூற்பாலை அண்ணன் வருகிறார். 1894 கடைசியில் இன்சல் இங்கிலாந்து போனபோது பிரைட்டன் நகரில் ஒரு விஷயத்தைப் பார்த்தார். அங்கே ஆர்தர் ரைட் என்ற பொறியாளர் சாதாரண மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடிக் கருவியையும் மாட்டியிருந்தார். வீட்டுக்குப் போகும் கரண்ட் ஒரு தடைக்கம்பி வழியாகப் போகும். கம்பி சூடாகும். அது சுற்றியிருக்கும் கண்ணாடிக் குமிழுக்குள் காற்று விரிந்து, வளைந்த குழாயில் உள்ள திரவத்தைத் தள்ளும். திரவம் விளிம்பைத் தாண்டினால் பக்கத்துக் குழாயில் வழிந்துவிடும், திரும்பப் போகாது. மாசக் கடைசியில் வருபவர் எவ்வளவு வழிந்திருக்கிறது என்று கோடுகளைப் பார்ப்பார். அதுதான் அந்த மாதத்தின் உச்சச் சுமை. குறித்துக்கொண்டு குழாயைச் சாய்த்தால் திரவம் பழையபடி உள்ளே போய்விடும்.

இதில் ஒரு நியாயமும் தானாகவே அமைந்திருக்கிறது. காற்று சூடாக நேரம் எடுக்கும். அதனால் சுவிட்சைப் போடும்போது ஒரு விநாடி பாயும் கரண்ட் கணக்கில் வராது. கொஞ்ச நேரம் நின்ற சுமை மட்டும்தான் பதிவாகும்.

பிறகு பில். உங்கள் உச்சத்தை நாளைக்கு ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் எத்தனை யூனிட் வருமோ அதுவரை விலை அதிகம், அதற்கு மேல் போனால் மிகவும் குறைவு. பெரிய வீடு, நாற்பது விளக்கு, விருந்து நாளில் மட்டும் எல்லாம் எரியும் என்றால் யூனிட் விலை உச்சத்தில். மூலைக்கடை, மூன்றே விளக்கு, நள்ளிரவு வரை எரியும் என்றால் மலிவு. உங்களுக்காக நிலையத்தில் ஒதுக்கி வைத்த இடத்துக்குத் தனிக்காசு, எரித்த நிலக்கரிக்குத் தனிக்காசு. நூற்பாலை, உங்கள் டிமாண்ட் சார்ஜின் தாத்தா இதுதான்.

நூற்பாலை

இப்போது புரிகிறது. யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் ஒரு நாள் உச்சத்துக்கு மாசம் முழுக்கக் கட்டுவது வயிற்றெரிச்சல்தான்.

அந்தக் காலத்து ஆலை முதலாளி இதற்கு எப்படி ஒத்துக்கொண்டார்? அவரிடம்தான் சொந்த நீராவி இன்ஜின் இருந்திருக்குமே.

பழைய_மீட்டர்

சரியான கேள்வி. இன்சலுக்கு உண்மையான போட்டி மற்ற மின் கம்பெனிகள் இல்லை, அந்தச் சொந்த இன்ஜின்தான். சிகாகோவில் ஹோட்டல், அலுவலகக் கட்டடம், தொழிற்சாலை என்று நூற்றுக்கணக்கான இடங்களில் அடித்தளத்தில் பாய்லரும் டைனமோவும் இருந்தன. அவர்கள் சொன்ன வாதமும் பலமானது: "குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்க எப்படியும் பாய்லர் வேண்டும். இன்ஜினிலிருந்து வெளியேறும் நீராவியை அதற்குப் பயன்படுத்துகிறோம். கரண்ட் எங்களுக்குக் கிட்டத்தட்ட இலவசம்."

இதை உடைக்க இன்சலின் விற்பனைப் பொறியாளர்கள் ஒரு சோதனை செய்வார்கள். ஒரே இன்ஜின் ஷாஃப்ட், பெல்ட் வழியாக எல்லா மெஷினையும் சுற்றிய காலம் அது. ஆலையில் எல்லா மெஷினிலிருந்தும் பெல்ட்டைத் தள்ளிவிட்டு, இன்ஜினையும் உத்தரத்தில் ஓடும் நீண்ட ஷாஃப்ட்டையும் மட்டும் ஓட்டச் சொல்வார்கள். சிலிண்டரில் அழுத்தத்தை வரையும் கருவியை மாட்டி, சும்மா சுற்றுவதற்கே எவ்வளவு திறன் போகிறது என்று அளப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு சாதாரணம், பாதி போன இடங்களும் உண்டு. இருநூறு அடி ஷாஃப்ட், நூறு பேரிங், மாடிக்கு மாடி பெல்ட். ஓவர்டைமில் ஒரே ஒரு கடைசல் இயந்திரம் ஓட வேண்டும் என்றாலும் மொத்தமும் சுற்ற வேண்டும்.

ஆனால் மோட்டார் வந்த அன்றே ஷாஃப்ட் போய்விடவில்லை. தென் கரோலினாவில் கொலம்பியா பஞ்சாலை 1894-லேயே மின்சாரத்தில் ஓடியது. அங்கேயும் 65 குதிரைத்திறன் மோட்டார்களை உத்தரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் ஒரு குறுகிய ஷாஃப்ட்டைச் சுற்றியது. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்ற நிலை பரவலாக வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்கத்திறனில் மின் மோட்டாரின் பங்கு 1900-ல் சுமார் 5 சதவீதம், 1920 வாக்கில்தான் பாதியைத் தாண்டியது. நன்றாக ஓடும் பழைய ஷாஃப்ட்டை எந்த முதலாளி கழற்றி எறிவார்? புதுக் கட்டடம் கட்டும்போதுதான் மாற்றுவார்.

சாம்பியன்_ரீஃப்

தமிழில் பேசுகிறோம், கோலார் பெயர் இதுவரை வரவில்லையே! எங்கள் தாத்தா தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் போலத்தான் நாங்களும் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

காவிரியில் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-ல் தொடங்கியபோது கரண்ட் பெங்களூருக்கு வரவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்கள் சுரங்கத்துக்குத்தான் நேராக வந்தது. பெங்களூரில் விளக்கு எரிந்தது 1905-ல். பெங்களூருக்கு முன்னால் சுரங்கம் ஜொலித்தது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

பழைய_மீட்டர்

ஜொலித்தது உண்மை. ஆனால் கரண்டில் பெரும்பங்கு விளக்குக்குப் போகவில்லை. தாதுவை இடிக்கும் ஸ்டாம்ப் மில், தண்ணீர் இறைக்கும் பம்ப், காற்றழுத்த இயந்திரம், இவை ராப்பகலாக ஓடும். இன்சல் சிகாகோவில் ஒவ்வொரு வாடிக்கையாளராகத் தேடிச் சேர்த்த சமமான சுமை மைசூர் அரசுக்கு ஒரே வாடிக்கையாளரிடம் கிடைத்துவிட்டது. அவ்வளவு தூரத்துக்குக் கம்பி இழுக்கும் துணிவு அதனால்தான் வந்தது. பெங்களூர் விளக்குகளை மட்டும் நம்பி அந்த அணைக்கட்டு வேலையைத் தொடங்கியிருந்தால் கணக்கு தேறியிருக்காது என்பது என் எண்ணம்.

டிசி_ஏசி

சிவசமுத்திரத்தில் விநாடிக்கு 25 சைக்கிள் ஏசி. அதில் பல்பு லேசாகத் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். மோட்டாருக்காகத் தேர்ந்தெடுத்தது, விளக்குக்காக இல்லை. இதையாவது சரியாகச் சொன்னேனா?

பழைய_மீட்டர்

சொன்னீர்கள். சிகாகோவில் 1903-ல் வந்த ஃபிஸ்க் தெரு நிலையத்திலும் 25 சைக்கிள்தான். 5,000 கிலோவாட் நீராவி டர்பைன், அந்தக் காலத்துக்கு ராட்சதன். டிராமும் உயர்பாதை ரயிலும்தான் குறி. துணை நிலையத்தில் சுழலும் மாற்றி வைத்து அதை டிசியாக்கி ரயிலுக்குக் கொடுத்தார்கள்.

அடுப்படி

ஆலை, சுரங்கம், டர்பைன் எல்லாம் பேசியாயிற்று. இழை தொடங்கியது இஸ்திரிப்பெட்டியில்.

மின்சாரப் பெட்டிக்கு முன்பு அமெரிக்கப் பெண்கள் ஆறேழு பவுண்டு இரும்புக் கட்டிகளை அடுப்பில் காயவைத்து மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். கோடையிலும் அடுப்பு நாள் முழுக்க எரிய வேண்டும். அதனால் மின்சாரச் சாமான்களில் விளக்குக்கு அடுத்து வீட்டுக்குள் முதலில் பரவலாக நுழைந்தவற்றில் இதுவும் ஒன்று.

நுழைந்ததும் சிக்கல். அன்றைய வீட்டில் சுவரில் பிளக் கிடையாது. விளக்குக்கு மட்டும்தான் கம்பி. பல்பைக் கழற்றிவிட்டு, மேலே தொங்கும் அந்த ஹோல்டரில் பெட்டியின் வயரைத் திருக வேண்டும். ஒரு கார்பன் இழை பல்பு சுமார் 50 வாட். பெட்டி 500 வாட் பக்கம். பத்து விளக்கை ஒரே ஹோல்டரில் தொங்கவிட்டது மாதிரி. அன்றைய அமெரிக்க விதிப்படி ஒரு விளக்குச் சுற்றுக்கு 660 வாட்தான் வரம்பு. பெட்டியைப் போட்டதும் அதே கம்பியில் உள்ள மற்ற விளக்குகள் மங்கினால் கம்பி திணறுகிறது என்று அர்த்தம். இன்னும் நாலு விளக்கைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அலுத்துப்போய் ஃபியூஸுக்குப் பின்னால் செப்புக் காசைச் செருகுவார்கள். அப்புறம் சுவருக்குள் கம்பி சூடேறி வீடே பற்றிக்கொள்ளும்.

வடவள்ளிக்காரன்

காசைச் செருகுவதா! நம்மூரில் ஃபியூஸுக்குத் தடிமனான கம்பி கட்டுவதுபோல.

பழைய_மீட்டர்

அடுப்படி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இன்சல் கம்பெனி பெட்டிகளை வீடு வீடாக இலவசச் சோதனைக்குக் கொடுத்தது. தர்மம் இல்லை. பகலில், அதுவும் உச்ச நேரத்துக்கு வெளியே 500 வாட் இழுக்கும் சாமான் அவர்களுக்குத் தங்கம்.

இன்னொரு கணக்கும் இருந்தது. சிகாகோவின் வடபகுதியில் ஒரு குடியிருப்புத் தொகுதியை அவர் உதாரணமாகச் சொல்வார். 190 வீடுகள் போல. ஒவ்வொரு வீட்டின் உச்சத்தையும் தனித்தனியாகக் கூட்டினால் 68.5 கிலோவாட். தொகுதி முழுவதும் ஒரே நேரத்தில் இழுத்த உச்சமோ 20 கிலோவாட்தான். எல்லார் வீட்டிலும் ஒரே நிமிஷத்தில் எல்லா விளக்கும் எரிவதில்லை. சிறு வீடுகள் லாபம் தராது என்று மற்றவர்கள் ஒதுக்கியபோது அவர் கம்பி இழுத்தது இதை நம்பித்தான். அதற்கு அப்புறம் ஒவ்வொரு சிறு வீட்டுக்கும் ரைட்டின் கருவியை மாட்டுவதே தண்டம் என்று, பல ஊர்களில் அறைகளை எண்ணி அதற்கேற்பக் கட்டணம் வைத்தார்கள்.

அடுப்படி

அது கம்பெனி பக்கத்து லாபம். பெண்ணுக்கு என்ன லாபம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மின் இணைப்பு உள்ள அமெரிக்க வீடுகள் 1920-ல் மூன்றில் ஒரு பங்கு, 1930-ல் மூன்றில் இரண்டு. அந்தப் பத்து வருஷத்தில் பெட்டி, வாக்குவம் கிளீனர், துவைக்கும் இயந்திரம் எல்லாம் வந்தன. ஆனால் 1920களில் எடுத்த நேரக் கணக்குகளிலும் இல்லத்தரசிகள் வாரம் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் வீட்டு வேலை செய்கிறார்கள். முன்பு சலவைக்காரியிடம் போன துணி வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. வாரம் ஒரு சட்டை போதும் என்றிருந்தவர் தினம் ஒரு சட்டை கேட்டார்.

டிசி_ஏசி

அந்த நேரக் கணக்கில் நிறையப் பண்ணை வீடுகள்தானே? 1930-லும் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட். இணைப்பே இல்லாத வீட்டைக் காட்டி மின்சாரத்தைக் குறை சொல்லலாமா?

அடுப்படி

நகரத்து வீடுகளைத் தனியாகப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பு வலி குறைந்தது, அதை மறுக்கவில்லை. நேரம் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

பழைய_மீட்டர்

இதில் நான் இரண்டு பக்கமும் இல்லை. வேலைக்காரி வைத்திருந்த நடுத்தர வீட்டுக்கும், எல்லாவற்றையும் தானே செய்த ஏழை வீட்டுக்கும் ஒரே விடை வராது. முதல் வீட்டில் வேலைக்காரி போய் வீட்டம்மா வந்தார், அங்கே நேரம் கூடியிருக்கும். இரண்டாம் வீட்டுக்குக் கரண்டே தாமதமாகத்தான் போனது.

நூற்பாலை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம்ம ஊர்க் கணக்கு ஒன்று. 1932 வாக்கில் பைக்காரா கரண்ட் வந்த பிறகுதான் கோயம்புத்தூரில் மில்கள் வரிசையாக முளைத்தன என்று சொல்வார்கள். அங்கே இந்தப் பகல்-இரவுச் சிக்கல் வந்திருக்காதா? மில்தான் முக்கால்வாசிச் சுமை என்றால் ராத்திரி என்ன செய்தார்கள்?

பழைய_மீட்டர்

பைக்காரா நீர்மின் நிலையம். அங்கே கணக்கே வேறு. நிலக்கரி நிலையத்தில் சுமை குறைந்தால் இயந்திரம் சும்மா கிடக்கும், எரிபொருளாவது மிஞ்சும். நீர்மின்னில் செலவு எல்லாம் அணையிலும் குழாயிலும் கம்பியிலும், எரிபொருள் கிடையாது. நீர்த்தேக்கம் இருந்தால் ராத்திரி மிச்சமான தண்ணீரைப் பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஓடும் ஆற்றை நம்பியிருந்தால் ராத்திரித் தண்ணீர் வீணாகத்தான் போகும், அப்போது இரவு ஷிப்டுக்கு மலிவு விலை சொல்ல நிலையத்துக்கே ஆசை வரும். கோவை மில்களின் இரவு ஷிப்டுக்கு அது ஒரு காரணமா, இல்லை நூல் சந்தையும் கூலியும்தான் காரணமா என்பதைப் பழைய கணக்குப் புத்தகம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

உங்கள் பில்லுக்கு: காலை ஷிப்டில் ரிங் ஃப்ரேம்களை ஒரேயடியாகப் போடாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஈரப்பதமூட்டும் இயந்திரத்தையும் கம்ப்ரஸரையும் அதே நேரத்தில் தொடங்க வேண்டாம். மீட்டர் பார்ப்பது ஒரு நொடி உச்சத்தை இல்லை, சில நிமிஷங்களின் சராசரியை. மாதத்தில் எந்தச் சில நிமிஷத்திலும் அந்தச் சராசரி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூற்பாலை

திங்கள்கிழமை மின்சார ஃபிட்டரிடம் சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் மில்லின் 1930களின் பழைய பில் கட்டு ஒன்று அலுவலக அலமாரியில் இருக்கிறது. இரவு, பகல் தனித்தனி விலை போட்டிருக்கிறதா என்று பார்த்துப் படம் போடுகிறேன்.